0 ± 0: இந்தத் தராசுக்கு யார் முத்திரை குத்தியது?



பதிவு கொஞ்சம் நீளம். நாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றியது என்பதால் கடைசி வரை வாசித்துவிடுங்கள். நடுவில் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், கல்குலேட்டர் தட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் கூடவே வரலாம்.

சென்ற மாதம் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஓர் அறிக்கை சுற்றியது. ஊரில் ஏறக்குறைய 400 கிணறுகள் இருக்கின்றன. அவற்றில் 30 கிணறுகளின் நீரை எடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். ஒன்றிலும் மலக்கிருமி இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அது நல்ல செய்திதான். வேலை செய்தவர்கள் வெயிலில் அலைந்து போத்தல் சுமந்தவர்கள். அவர்களில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

குறை அடுத்த வரியில் இருக்கிறது. "மாசடைந்த கிணறுகள்: 0% ± 0%. நம்பிக்கை மட்டம் 95%." இந்த ஒற்றை வரியைக் காட்டித்தான், கிணறுகளுக்குக் குளோரின் போடும் வேலையைப் பிறகு பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். மலசலகூடக் குழிக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் கேள்வி கேட்டபோது, "விஞ்ஞானபூர்வமாக 95 சதவீதம் நிரூபிக்கப்பட்டது" என்று பதில் வந்தது. நாங்கள் கேட்டபோது, "30 மாதிரி எடுத்தால் போதும் என்று நீங்கள்தானே படிப்பிக்கிறீர்கள் சேர்?" என்று எங்கள் பக்கமே திருப்பிவிட்டார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானது. அப்படித்தான் பல வகுப்புகளில் படிப்பிக்கப்படுகிறது, எங்கள் வகுப்பும் உட்பட. ஆகவே வாய்ச்சண்டையை விட்டுவிட்டு, உயர்தர மாணவர்களோடு கணினி அறையில் உட்கார்ந்து அந்தச் சூத்திரத்தையே சோதித்துப் பார்த்தோம். என்ன செய்தோம், என்ன கண்டோம் என்பதை இங்கே அப்படியே எழுதுகிறோம். யாரும் எங்களை நம்பத் தேவையில்லை. வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

முதலில், அந்த 95 எதைச் சொல்கிறது? பலர் நினைப்பது போல, "எங்கள் முடிவு சரியாக இருக்க 95 சதவீத வாய்ப்பு" என்பது அதன் பொருள் அல்ல. 1937 இல் ஜெர்சி நெய்மான் நம்பிக்கை ஆயிடை என்ற கருத்தை வகுத்தபோது கொடுத்த வாக்குறுதி வேறு. அது சூத்திரத்தைப் பற்றிய வாக்குறுதி. இதே ஊரில் இதே முறையில் திரும்பத் திரும்ப 30 கிணறுகளை எழுமாற்றாக எடுத்து, ஒவ்வொரு முறையும் இந்தச் சூத்திரத்தால் ஓர் ஆயிடையை எழுதினால், நூற்றுக்கு 95 ஆயிடைகளுக்குள் உண்மையான வீதம் அகப்பட வேண்டும். ஐந்தில் தவறலாம். இவ்வளவுதான் வாக்குறுதி.

சந்தைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தராசு ஒரு கிலோ என்று காட்டினால் அது ஒரு கிலோதானா என்று எப்படிச் சோதிப்போம்? எடை தெரியாத மீனை வைத்துச் சோதிக்க முடியாது. எடை தெரிந்த படிக்கல்லை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். சூத்திரத்துக்கும் அதே வழிதான். நமது ஊரின் உண்மையான வீதம் நமக்குத் தெரியாது. ஆகவே உண்மை தெரிந்த ஓர் ஊரை நாமே உண்டாக்கி, அதில் ஆயிரம் தடவை மாதிரி எடுத்து, எத்தனை தடவை உண்மை ஆயிடைக்குள் அகப்பட்டது என்று எண்ணினால் முடிந்தது. வாக்குக் கொடுத்தது 95 என்றால், எண்ணிக்கையும் 950 அளவில் வர வேண்டும்.

அந்த ஊரை இப்படி உண்டாக்கினோம். 400 கிணறுகள். அவற்றுக்கு 1 முதல் 400 வரை இலக்கம். 1 முதல் 20 வரையானவை மாசடைந்தவை என்று நாங்களே தீர்மானித்தோம். அதாவது உண்மையான வீதம் 5%. நூற்றுக்கு ஐந்து கிணறு பழுது என்பது எந்த ஊரிலும் நடக்கக்கூடிய அளவுதான்.

பிறகு விரிதாளைத் திறந்து, இரண்டாவது நிரையில் A முதல் AD வரையான 30 கலங்களிலும் இதை இட்டோம்:

```
=RANDBETWEEN(1,400)
```

ஒவ்வொரு கலமும் எழுமாற்றாகத் தெரிந்த ஒரு கிணறு. அந்த ஒரு நிரை, 30 கிணறு கொண்ட ஒரு முழு ஆய்வு. அதே நிரையில் தொடர்ந்து:

```
AE2: =COUNTIF(A2:AD2,"<=20")
AF2: =AE2/30
AG2: =1.96*SQRT(AF2*(1-AF2)/30)
AH2: =IF(AND(AF2-AG2<=0.05,AF2+AG2>=0.05),1,0)
```

AE எத்தனை பழுதான கிணறு அகப்பட்டது என்று எண்ணுகிறது. AF அதன் வீதம். AG தான் அறிக்கையில் "±" போட்டுப் போடும் அந்த எண். எல்லோரும் மனப்பாடம் செய்யும் சூத்திரம் அதுவே, புள்ளிவிபரவியலில் வால்ட் ஆயிடை என்று பெயர். AH இல் 1 வந்தால் உண்மையான 5% அந்த ஆயிடைக்குள் இருக்கிறது, 0 வந்தால் தப்பிவிட்டது.

இந்த நிரையை 1001 ஆவது நிரை வரை கீழே இழுத்தால் ஆயிரம் ஆய்வுகள் வந்துவிடும். கடைசியில் ஒரு வெற்றுக் கலத்தில்:

```
=AVERAGE(AH2:AH1001)
```

ஒரே கிணறு ஒரு நிரையில் இரண்டு தடவை வரலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. 400 இல் 30 மட்டும் எடுக்கும்போது அதனால் விடை சிறிதளவே மாறும். வராதபடி தடுத்தும் பார்த்தோம், முடிவு ஏறக்குறைய அதேதான்.

விடை என்ன வந்தது? முதல் தடவை ஆயிரத்தில் 784. F9 ஐ அழுத்தினால் எல்லாக் கிணறுகளும் புதிதாகத் தெரியப்படும். மீண்டும் அழுத்தினோம், 771. மீண்டும், 790. எத்தனை தடவை அழுத்தினாலும் 950 பக்கமே போகவில்லை. 95 என்று முத்திரை குத்திய தராசு 78 தான் நிறுக்கிறது.

R தெரிந்தவர்களுக்கு இதே வேலை ஐந்து வரி:

```
n <- 30; p <- 0.05
x <- rbinom(10000, n, p)
ph <- x/n
e <- 1.96*sqrt(ph*(1-ph)/n)
mean(ph-e <= p & p <= ph+e)
```

அதிலும் 0.78 ஐச் சுற்றித்தான் வரும். சந்தேகம் இன்னும் இருந்தால், `sum(dbinom(1:5, 30, 0.05))` என்று தட்டுங்கள். அது எழுமாற்று எண்ணே இல்லாமல் ஈருறுப்புப் பரம்பலால் நேரடியாகக் கணிப்பது. 0.782 வரும். 1 முதல் 5 வரை என்று அங்கே இருப்பதற்குக் காரணம், மாதிரியில் 1 முதல் 5 வரையான பழுதான கிணறுகள் அகப்பட்டால் மட்டுமே இந்த ஆயிடைக்குள் 5% விழுகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 784 பிடித்தது, 216 தவறியது. தவறியவை எவை என்று நிரல் AE ஐப் பார்த்தோம். 216 இல் 212 நிரைகளில் AE பூச்சியம். மீதி நான்கில் மட்டும் 6 அல்லது அதற்கு மேல். ஆகவே தவறு இரண்டு பக்கமும் சமமாக விழவில்லை. ஏறக்குறைய எல்லாத் தவறும் ஒரே பக்கம்: ஊரில் 20 பழுதான கிணறு இருக்கும்போது "ஒன்றுமே இல்லை" என்று சொல்லும் பக்கம். பயமுறுத்தும் தவறு என்றால் யாராவது ஓடிப்போய்த் திரும்பப் பரிசோதிப்பார்கள். இது ஆறுதல் சொல்லும் தவறு. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஏன் இப்படி? சூத்திரத்தை ஒருமுறை பாருங்கள். ± எவ்வளவு அகலம் என்று தீர்மானிக்க, அது உண்மையான வீதத்தைக் கேட்பதில்லை, அது தெரியாதே. மாதிரியில் வந்த வீதத்தையே உண்மையான வீதம் போல எடுத்துப் போடுகிறது. மாதிரியில் பூச்சியம் வந்தால் பூச்சியத்தை ஒன்றால் பெருக்கி, 30 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கிறது. விடை பூச்சியம். தனக்கு எதுவுமே தெரியாத நேரத்தில்தான் அந்தச் சூத்திரம் தனக்கு எல்லாமே தெரியும் என்று சொல்கிறது. 0 ± 0 என்ற வரி கிணற்றைப் பற்றிய செய்தி அல்ல. சூத்திரம் படுத்துவிட்டது என்ற செய்தி.

கல்குலேட்டர் மட்டும் இருப்பவர்கள் இதைத் தட்டுங்கள். ஊரில் 5% பழுது என்றால் ஒரு கிணறு நல்லதாக இருக்கும் நிகழ்தகவு 0.95. முப்பதும் நல்லதாக வர 0.95 ஐ முப்பது தடவை பெருக்க வேண்டும். 0.215 வரும். அதாவது 20 கிணறு பழுதான ஊரிலும், ஐந்து ஆய்வில் ஓர் ஆய்வுக்கு மேல் "30 இல் 0" என்றுதான் வரும். 10% பழுது, அதாவது 40 கிணறு என்று வைத்து 0.9 ஐ முப்பது தடவை பெருக்குங்கள். 0.042. அங்கேயும் நூற்றுக்கு நான்கு தடவை பூச்சியம் வரும். நமது அறிக்கையில் வந்த பூச்சியம் எந்த ஊரிலிருந்து வந்த பூச்சியம்? பழுதே இல்லாத ஊரிலிருந்தா, 20 கிணறு பழுதான ஊரிலிருந்தா? அந்த 30 போத்தல்கள் மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதைத்தான் ± சொல்லியிருக்க வேண்டும்.

இனி, "30 எடுத்தால் போதும்" என்ற வாதம். அதை நாங்கள் ஒரே அடியாகத் தூக்கி எறியவில்லை. அதே விரிதாளில் 200 கிணறு பழுது என்று மாற்றி, அதாவது உண்மையான வீதம் 50% என்று வைத்து, 0.05 இருந்த இடங்களில் 0.5 போட்டு ஓடவிட்டோம். 957 அளவில் வந்தது. வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. அதே சூத்திரம், அதே 30. ஆகவே 30 போதுமா என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. தேடும் பொருள் பாதிக்குப் பாதி இருந்தால் 30 போதும். தேடும் பொருள் அரிதானது என்றால் போதாது. பழுதான கிணறு, நோயுள்ள பிள்ளை, பாடசாலையை விட்டு விலகிய மாணவன் என்று ஊர் கவலைப்பட்டுத் தேடுவது எல்லாம் அரிதானவைதானே? அங்கேதான் இந்தச் சூத்திரம் காலை வாருகிறது.

சரி, 100 கிணறு எடுத்தால்? 5% ஊரில் அதையும் ஓட்டினோம். 88 சதவீதத்தை ஒட்டி வந்தது. முன்னேற்றம்தான், ஆனால் 95 இல்லை. இது எங்கள் கண்டுபிடிப்பும் அல்ல. 2001 இல் பிரவுன், காய், தாஸ்குப்தா என்ற மூன்று புள்ளிவிபரவியலாளர்கள் இந்தச் சூத்திரத்தின் பிடிப்பு வீதத்தை அலசி, மாதிரி பெரிதாக இருந்தாலும் அது எதிர்பாராமல் சரிகிறது என்று எழுதிவிட்டார்கள். இத்தனை ஆண்டு கழித்தும் நாம் அதையே எச்சரிக்கை ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

சோதித்துப் பார்க்கிறோம் என்று இறங்குபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. எங்கள் வகுப்பில் ஒரு மாணவி 20 நிரை மட்டும் இழுத்துவிட்டு, "சேர், இருபதில் 18 சரி, 90 சதவீதம், கிட்டத்தட்ட வந்துவிட்டதே" என்றாள். பக்கத்தில் இருந்தவனுக்கு இருபதில் 14. இருவரும் ஒரே தராசைத்தான் சோதித்தார்கள். இருபது தடவை மிகக் குறைவு, அதில் எதுவும் வரும். ஆயிரம் நிரையில் எண்ணிக்கை உண்மையிலிருந்து இரண்டு மூன்று சதவீதப் புள்ளிக்குள்ளே நிற்கும். பத்தாயிரம் என்றால் ஒரு புள்ளிக்குள். ஆகவே யாராவது "நாங்களும் ஓட்டிப் பார்த்தோம், சரியாகத்தான் வந்தது" என்று சொன்னால், எத்தனை நிரை என்றும், உண்மையான வீதத்தை எவ்வளவு என்று வைத்தீர்கள் என்றும் கேளுங்கள். 50% வைத்து ஓட்டிவிட்டு 5% க்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

குறை சொல்லிவிட்டுப் போவது லேசு. பழுதான தராசுக்கு மாற்றுத் தராசு இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் மிக எளிது. 1998 இல் அலன் அகிரெஸ்டி, பிரென்ட் கூல் என்ற இருவர் எழுதிய வழி. பரிசோதித்த 30 கிணறோடு, நாலு கற்பனைக் கிணற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பழுது, இரண்டு நல்லது. பிறகு அதே பழைய சூத்திரம். அவ்வளவுதான். விரிதாளில்:

```
AI2: =(AE2+2)/34
AJ2: =1.96*SQRT(AI2*(1-AI2)/34)
AK2: =IF(AND(AI2-AJ2<=0.05,AI2+AJ2>=0.05),1,0)
```

"இல்லாத கிணற்றைச் சேர்ப்பது மோசடியல்லவா?" என்று ஓர் ஆசிரியரே எங்களிடம் கேட்டார். நியாயமான சந்தேகம். அதற்கும் வாயால் பதில் சொல்லாமல் நிரல் AK இன் சராசரியைக் காட்டினோம். அதே ஆயிரம் ஆய்வுகள், அதே 5% ஊர். 984 ஐ ஒட்டி வந்தது. 95 கேட்டால் 98 தருகிறது, அதாவது ஆயிடை தேவைக்குக் கொஞ்சம் அகலம். அந்தக் குறையையும் மறைக்கவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்ததை விடக் கூடுதலாகப் பிடிக்கும் வலை ஒன்று, நூற்றுக்கு 17 தடவை கூடுதலாகக் கோட்டைவிடும் வலை இன்னொன்று. குடிக்கும் தண்ணீருக்கு எதை எடுப்பீர்கள்? 50% ஊரில் ஓட்டினால் புதிய வழியும் பழைய வழியும் ஒரே விடைதான் தருகின்றன. நல்ல இடத்தில் நட்டமில்லை, கெட்ட இடத்தில் காப்பாற்றுகிறது.

இதை நமது அறிக்கைக்குப் போட்டுப் பாருங்கள். 30 இல் 0. நாலைச் சேர்த்தால் 34 இல் 2, அதாவது 5.9%. ± 7.9%. கீழ் எல்லை பூச்சியத்துக்குக் கீழே போவதால் பூச்சியம் என்று எடுக்கிறோம். மேல் எல்லை 13.8%. 400 கிணற்றில் அது 55 கிணறு. இப்போது இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

"மாசடைந்தவை 0% ± 0%."

"30 இல் ஒன்றும் அகப்படவில்லை. ஊர் முழுவதும் பூச்சியத்துக்கும் 14% க்கும் இடையில், அதாவது 55 கிணறு வரை, பழுதாக இருக்கக்கூடும்."

போத்தல்கள் ஒன்றே, பரிசோதனை ஒன்றே. முதல் வரியைக் கேட்டால் குளோரினை ஒத்திவைப்போம். இரண்டாவது வரியைக் கேட்டால் எந்த வீட்டுத் தாயும் அடுத்த நாளே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தேடிப் போவார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் நாங்களும் அதே தவறைச் செய்தவர்களாவோம். மேலே செய்த எல்லாச் சோதனையும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது. 400 கிணறுகளுக்கும் தெரிவாகச் சம வாய்ப்பு இருக்க வேண்டும். RANDBETWEEN அதைத்தான் செய்தது. ஆனால் அந்த 30 கிணறுகள் எப்படித் தெரியப்பட்டன என்று விசாரித்தபோது, வண்டி போகக்கூடிய பிரதான வீதியோரத்துக் கிணறுகள் என்று தெரிய வந்தது. பள்ளமான பக்கத்தில், வீடுகள் நெருங்கி, குழியும் கிணறும் பத்தடியில் இருக்கும் பகுதிக்குள் யாரும் போகவில்லை.

இதையும் விரிதாளில் உண்டாக்கலாம். அதே 20 பழுதான கிணறுகள். வீதியோரம் 300 கிணறு, அவற்றில் 6 பழுது. பள்ளப் பக்கம் 100 கிணறு, அவற்றில் 14 பழுது. வீதியோரத்துக்கு 1 முதல் 300 வரை புதிதாக இலக்கமிட்டு, 1 முதல் 6 வரை பழுது என்று வைத்து, `=RANDBETWEEN(1,300)` என்றும் `"<=6"` என்றும் மாற்றி, வீதியோரத்தில் மட்டும் மாதிரி எடுத்தோம். தேடுவது ஊர் முழுவதுக்குமான 5% தான், ஆகவே 0.05 ஐ மாற்றவில்லை. நாலைச் சேர்க்கும் நல்ல சூத்திரத்தையே பாவித்தோம்.

30 கிணறு எடுத்தபோது ஏறக்குறைய எல்லா ஆயிடையும் 5% ஐப் பிடித்தன. ஆயிடை அவ்வளவு அகலம், எல்லாவற்றையும் மூடிவிடும். 100 எடுத்தோம், 87 சதவீதமானவைதான் பிடித்தன. 200 எடுத்தோம், 57 சதவீதம். கவனியுங்கள், மாதிரி பெரிதாகப் பெரிதாக நிலைமை மோசமாகிறது. ஏனென்றால் ஆயிடை ஒடுங்கி ஒடுங்கி, வீதியோரத்தின் 2% ஐச் சுற்றி இறுகுகிறது. ஊரின் 5% வெளியே நிற்கிறது. தவறான இடத்தில் கூடுதலாகத் தோண்டினால் சரியான இடத்தில் தண்ணீர் வராது. "அடுத்த முறை 200 கிணறு செய்வோம்" என்று வாக்களிப்பவர்கள் இதை முதலில் படிக்க வேண்டும். எந்தச் சூத்திரமும் போகாத ஒழுங்கைக்குள் போத்தலைக் கொண்டுபோகாது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் மூன்று. பெரிதாக ஒன்றுமில்லை.

ஒன்று, அந்த 0 ± 0 வரியை வாபஸ் வாங்குங்கள். அதன் இடத்தில் "30 இல் 0, ஊர் முழுவதும் 14% வரை இருக்கக்கூடும், அதுவும் வீதியோரக் கிணறுகளை மட்டும் வைத்து" என்று எழுதுங்கள். அதை எழுதுவதால் வேலை செய்த பிள்ளைகளுக்கு ஓர் இழுக்கும் இல்லை.

இரண்டு, அடுத்த முறை 400 கிணற்றுக்கும் இலக்கமிட்டு, குலுக்கல் முறையில் தெரியுங்கள். பள்ளப் பக்கத்து இலக்கம் விழுந்தால் பள்ளப் பக்கம் போக வேண்டும். வண்டி போகாவிட்டால் நடந்து போக வேண்டும். போத்தல் தூக்க எங்கள் மாணவர்கள் வருவார்கள்.

மூன்று, இனி ஊரில் யார் "95 சதவீத நம்பிக்கை" என்று எழுதினாலும், அந்தச் சூத்திரத்தை உண்மை தெரிந்த ஒரு குடித்தொகையில் ஆயிரம் தடவை ஓட்டிய விரிதாளையும் கூடவே வைக்கட்டும். அரை மணிநேர வேலை. உயர்தரப் பிள்ளை ஒருவருக்கே செய்யத் தெரியும். கடைக்காரரின் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் நாம், ஊரின் தண்ணீரை நிறுக்கும் தராசில் பார்க்காமல் விடலாமா?

கணக்கில் எங்கேயாவது பிழை இருந்தால் சொல்லுங்கள், பகிரங்கமாகத் திருத்துவோம். கோபம் இருந்தாலும் பரவாயில்லை, விரிதாளைத் திறந்து ஓட்டிவிட்டுக் கோபப்படுங்கள். அதுவரை, பள்ளப் பக்கத்து உறவுகளே, உங்கள் கிணறு அந்த முப்பதில் இல்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.